ஒரே எண்ணில் செய்த சோதனை

முதலியார்பேட்டையில் அறுபத்திரண்டு வயதிலும் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில், பஸ் டிக்கெட் பதிவு செய்யும் சர்வர் புரோகிராம் நாலு நாளுக்கு ஒருமுறை மெமரி நிரம்பி நின்றுபோனது. புதிதாகச் சேர்ந்த பெண் எழுதிய ரசீதுப் பகுதிதான் காரணம் என்று மீட்டிங்கில் சொல்லிவிட்டேன். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மேனேஜர் அந்தப் பகுதியை எடுக்கச் சொன்னார். எடுத்த பிறகும் மெமரி ஏறியது.

என் கணினியில் அதே புரோகிராமை ஓட்டி, பத்தாயிரம் டிக்கெட் பதிவு செய்து பார்த்தேன். மெமரி ஏறவே இல்லை. அவள் எட்டிப் பார்த்தாள்.

"பத்தாயிரமும் உங்க போன் நம்பர்லயேவா சார்? பஸ்ல நீங்க மட்டும்தான் போறீங்களா?"

எண்களை மாற்றி மாற்றி அனுப்பினேன். மெமரி கிடுகிடுவென ஏறியது. பயணி விவரத்தைப் போன் எண்வாரியாகச் சேர்த்துவைக்கும் பகுதி நான் எழுதியது. புது எண் வந்தால் ஒரு பதிவு கூடும். எதையும் அழிக்க நான் எழுதவே இல்லை. பதிவுகள் ஐயாயிரத்தைத் தாண்டினால் பழையதை நீக்கும்படி திருத்தினேன். அதே சோதனையில் மெமரி கொஞ்சம் ஏறி, அங்கேயே நின்றது.

தவறு என்னுடையது என்று மேனேஜரிடம் சொன்னேன்.

"விடுங்க சார், சரியாயிடுச்சுல்ல" என்றார்.

என்னால் விட முடியவில்லை. இடத்துக்குத் திரும்பியபோது அவள் எழுந்து நின்று கேட்டாள்: "சார், என் ரசீதுப் பகுதியைத் திரும்பப் போட்டுக்கலாமா?"