கடைசி எழுத்திலிருந்து படித்த பேர்

காலடிப்பேட்டை கம்ப்யூட்டர் கடையில் அன்று இருந்தவர்கள்: கடை நடத்தும் அக்கா. என் மகள். இன்சூரன்ஸ் பேப்பர் பிரிண்ட் எடுக்க வந்த கன்டெய்னர் லாரி டிரைவர். நான்.

மகளுக்கு நர்சிங் படிப்பு. விண்ணப்பத்துக்கு அன்றுதான் கடைசி நாள். பேர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். அனுப்பிவிட்டால் மாற்ற முடியாது. பேர் ஒத்துப்போகவில்லை என்றால் சான்றிதழ் பார்க்கும் இடத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஆதாரில் அவள் பேர் ஒரு மாதிரி, பின்னால் என் பேர் முழுசாக. சான்றிதழில் வேறு மாதிரி. என் பேருக்கு அங்கே ஒற்றை எழுத்துதான்.

"ஆதாருல இருக்கிற மாதிரி போட்டா இன்னா? அதுலதான் எம்பேரு கீது" என்றேன்.

"அத்த அப்பால திருத்திக்கலாம், நைனா. இந்த சர்ட்டிபிகேட்ட காமிச்சாலே ஆதாருல மாத்திக் குடுப்பாங்க. சர்ட்டிபிகேட்ட மாத்தறதுதான் பேஜாரு" என்று அக்கா ஆதாரை வாங்கி மேசை டிராயருக்குள் போட்டாள்.

மகளே டைப் அடித்தாள். மூன்று தரம் படித்துப் பார்த்தாள். சரி என்றாள்.

அக்கா அனுப்பும் பட்டனை அமுக்கவில்லை. "உம்பேரு உனுக்குத் தெரியும். கண்ணு தானா நெரப்பிக்கும். தெரியாதவங்க படிக்கணும்" என்று சொல்லி டிரைவரைக் கூப்பிட்டாள்.

"நானா? நான் ஏழாவதே தாண்டல."

"கன்டெய்னர் நம்பர் படிப்பல்ல? அப்டி ஒவ்வொரு எழுத்தா படி. கடைசிலேர்ந்து."

அவர் சான்றிதழை வெளிச்சத்தில் பிடித்தார். அக்கா திரையில் விரல் வைத்தாள்.

"எம்."

அது நான். என் பேரில் அந்த எழுத்து மட்டும்தான் அவளோடு போகிறது. அதுதான் முதலில் வந்தது.

"ஒரு கேப்பு. ஏ. எச். டி. ஐ."

"நில்லு."

திரையில் அந்த இடத்தில் இரண்டு ஈ என்றாள் அக்கா. நோட்டுப் புத்தகத்தில் சின்ன வயசிலிருந்து எழுதுகிற மாதிரியே கை அடித்துவிட்டது என்றாள் மகள்.

வெளியே ட்ரெய்லர் ஒன்று போனது, கண்ணாடி அதிர்ந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். மீன்பிடிக்கப் போகிறவன் நான், புயலில் படகு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் எனக்கு மயிர் இப்படிக் குத்திட்டதில்லை. அவளைத் தெரியாத ஒருத்தர் ஒவ்வொரு எழுத்தாக அவள் பேரைச் சொல்கிறார். நாங்கள் சாமி முன்னால் நிற்கிற மாதிரி நிற்கிறோம்.

மகள் திருத்தினாள். டிரைவர் மறுபடி கடைசியிலிருந்து படித்தார். இந்தத் தரம் எங்கேயும் நிற்கவில்லை.

"நல்லாப் படி தாயி" என்றார் மகளிடம். "எங்க வண்டில அடிபட்டு வந்தா நீதான் ஊசி போடணும்."

"மொதல்ல நீ பாத்து ஓட்டு" என்றாள் அக்கா. பட்டனை அமுக்கினாள்.

ரசீது சூடாக வந்தது. மேலே அவள் பேர். எனக்குப் படிக்க வராது, எண்ண வரும். சான்றிதழைப் பக்கத்தில் வைத்து இரண்டிலும் விரல் வைத்து எழுத்துகளை எண்ணினேன்.

ஒன்பது. ஒன்பது.