இரண்டு வரிகளுக்கு நடுவே

வரலாறு நடத்தும் அந்த அம்மாவுக்குப் பள்ளியில் 'அதனால டீச்சர்' என்று பெயர். காரணம் கேட்கும் கேள்விக்கு வரும் எந்த விடையிலும் ஓரத்தில் சிவப்பு மையில் 'அதனால்?' என்று எழுதிவிடுவார். பஞ்சம் வந்தது என்று எழுதினால் போதாது; வந்ததால் என்ன ஆயிற்று, அது அரசை எப்படித் தளர்த்தியது என்று சொல்ல வேண்டும். மாடியில் ஒற்றை அறை, கல்யாணமாகவில்லை, ஞாயிறுதோறும் தம்பியின் போன். "சாப்டியாக்கா? மாத்திரை போட்டியா? சரி, வச்சிடறேன்." மூன்று வாக்கியங்கள், ஒன்றோடு ஒன்று ஒட்டாதவை.

ஆண்டுத் தேர்வின் விடைத்தாள் திருத்தும் முகாமுக்காக அவர் ஆண்டு முழுக்கக் காத்திருப்பார். அங்கேதான் தன் பாடம் பேசும் மனிதர்கள் கிடைப்பார்கள். இந்த முறை நான்கு பேர் அமரும் மேசைக்கு அவரைப் பொறுப்பாளராகப் போட்டிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எல்லோருக்கும் ஒரே விடைத்தாளின் நகலைக் கொடுத்துத் திருத்தச் சொல்வார்கள். முகாம் முடிவு செய்த மதிப்பெண்ணிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகினால் மேசை கிடையாது. தனி இருக்கைதான்.

கேள்வி ஆறு மதிப்பெண்: பெரும் பேரரசு ஒன்று ஏன் சரிந்தது? திருத்தும் முறை தெளிவானது. ஒரு காரணத்தைச் சொன்னால் ஒன்று. அது சரிவுக்கு எப்படி இட்டுச் சென்றது என்று விளக்கினால் இன்னொன்று. இப்படி இரண்டு காரணங்கள். காரணங்களை ஒன்றோடொன்று இணைத்தால் ஐந்தாவது. எது அடிப்படைக் காரணம் என்று தீர்ப்புச் சொல்லி முடித்தால் ஆறாவது.

அவர் ஐந்து போட்டிருந்தார். முகாமின் மதிப்பெண் மூன்று.

"என்னங்க டீச்சர், நீங்களா இப்படி அள்ளி விட்டீங்க? கையில ஜுரமா?" என்றார் பக்கத்தில் இருந்த மீசைக்காரர். அறை சிரித்தது.

"சார், நல்லாப் படிச்சுப் பாருங்க," என்று தலைமைத் தேர்வாளரிடம் திரும்பினார் அவர். "எல்லை விரிஞ்சது, அதைக் காக்கப் படை பெருகிச்சு. படைச் செலவால வரி ஏறிச்சு. வரி தாங்காம உழவன் நிலத்தை விட்டான். வருமானம் விழுந்துச்சு, சிப்பாய்க்குச் சம்பளம் இல்ல. அப்ப வாரிசுச் சண்டை. அதைப் பாத்து ஆளுநர்கள் பிச்சுக்கிட்டாங்க. சங்கிலி மாதிரி இருக்கு சார். தீர்ப்பு மட்டும்தான் இல்ல."

தலைமைத் தேர்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "நீங்க சொல்றதக் கேட்டா எனக்கே சரிவு கண்ணுக்குத் தெரியுது. முகாம் மார்க்க நாலா மாத்திடவா? உங்க அஞ்சும் வரம்புக்குள்ள வந்துடும். மேசையும் உங்களுக்கே."

"போட்டுடுங்க சார், டீ ஆறுது," என்றார் மீசைக்காரர்.

டீச்சர் தன் வெற்றியை உறுதி செய்துகொள்ளத்தான் தாளை மறுபடி எடுத்தார். விரலை வைத்துப் படித்தார். 'பேரரசு மிகவும் விரிந்தது. எல்லையைக் காக்க முடியாமல் ஆட்சி தளர்ந்தது. வரி உயர்ந்தது. உழவர் நிலத்தை விட்டனர். வாரிசுப் போர் நடந்தது. ஆளுநர்கள் பிரிந்தனர்.'

முதல் காரணத்துக்கு மட்டும் விளக்கம் இருந்தது. மற்றவை வெறும் செய்திகள். படைச் செலவு எங்கே? நின்றுபோன சம்பளம் எங்கே? தாளில் இல்லை. செய்திகள் அவர் நடத்தும் வரிசையிலேயே நின்றதால், இரண்டு வரிகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தை அவரே நிரப்பிக்கொண்டு படித்திருந்தார். வரிசை என்பது காரணம் ஆகாது. அடுத்தடுத்து நிற்பவை ஒன்றை ஒன்று தொட்டிருக்க வேண்டியதில்லை. இதை வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பார்!

தனக்கென்று போட்டிருந்த மேசையின் நான்கு நாற்காலிகளைப் பார்த்தார்.

"மூணுதான் சார்," என்றார்.

"என்னம்மா திடீர்னு?"

"விளக்கத்தோட ஒரு காரணம், ரெண்டு. விளக்கம் இல்லாம இன்னொண்ணு, ஒண்ணு. நான் சொன்ன சங்கிலி பையன் எழுதினது இல்ல. நான் எழுதினது."

"இதுக்குப் போயி... யாரு பாக்கப் போறா?" மீசைக்காரரின் குரலில் கேலி இல்லை.

"நாலுன்னு வச்சா, எல்லா மேசையும் இப்படித்தான் போடும். நெசமாவே சேர்த்து எழுதினவனுக்கு என்ன மரியாதை?"

தலைமைத் தேர்வாளர் பொறுப்பாளர் பட்டியலில் பெயரை மாற்றினார். "விதி விதிதான். தப்பா நெனச்சுக்காதீங்க."

தனி இருக்கை சன்னலோரத்தில், சுவரைப் பார்த்தபடி இருந்தது. விடைத்தாள் கட்டைப் பிரித்தார். முதல் தாளில் ஐந்து காரணங்கள், வரிசை பிசகாமல், விளக்கம் ஒன்றுக்கும் இல்லாமல். அடுத்த வரி கண்ணில் படாமல் ஒரு வெள்ளைத்தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார். மனம் நிரப்ப ஓடியது, நிறுத்தினார். இரண்டு போட்டார்.

பின்னால் அந்த மேசையில் யாரோ வாரிசுப் போரைப் பற்றி ஏதோ சொல்ல, நான்கு பேரும் சிரித்தார்கள். என்ன சொன்னார்கள் என்று அவருக்குக் கேட்கவில்லை. ஊகித்துக்கொள்ளவும் இல்லை. அடுத்த தாளை எடுத்தார்.