என் பெயரில் இல்லாத எண்

குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து அக்கரையிலுள்ள படுவான்கரைப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருவேன். ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு மெதுவாக நகரும் மிதவையைத்தான் எங்கள் பக்கத்தில் பாதை என்போம். அந்தப் பயணம்தான் ஒரு நாளில் எனக்கென்று கிடைக்கும் நேரம். அதில் நின்றபடி வாட்ஸ்அப்பில் எனக்கு நானே எழுதிக்கொள்வேன்.

தொடர்புப் பட்டியலில் என் எண்ணுக்குப் பக்கத்தில் ‘நீங்கள்’ என்று காட்டும் அந்த அரட்டையை யாரோ ஒரு சக ஆசிரியைதான் முதலில் காட்டித் தந்தார். விஞ்ஞானப் பாடத்துக்கான காணொளி இணைப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், பரிசோதனைக்கு வாங்கவேண்டிய சாமான்கள் எல்லாம் அதற்குள் போட்டேன். பாதையில் போடுவது வீட்டு மடிக்கணினியில் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்துக் கணினியிலும் இணைத்து அச்செடுத்துவிட்டு, மறக்காமல் வெளியேறி விடுவேன். போகப் போகப் பட்டமேற்படிப்பு விண்ணப்பத்துக்கான இணைப்பும் சான்றிதழ்ப் படங்களும் அதற்குள்ளே சேர்ந்தன. அண்ணன் எனக்குப் பேசிவைத்த கல்யாணத்தைப் பற்றி அவரிடம் சொல்லவேண்டியதையும் அங்கேதான் எழுதிப் பார்ப்பேன். ‘எனக்கு அந்தச் சம்பந்தம் வேணாம் அண்ணா’ என்று எழுதுவேன். கொஞ்சம் பணிவாக மாற்றி எழுதுவேன். அனுப்பும் இடம் நான்தான் என்பதால் எப்படி எழுதினாலும் ஒன்றும் நடக்காது.

அண்ணன் கட்டாரில் வேலை செய்கிறார். போகுமுன் தன் அடையாள அட்டையைக் கொடுத்து எனக்கு சிம் எடுத்துத் தந்தவர் அவர்தான். அது யார் பெயரில் இருக்கிறது என்று போன் கையில் இருந்தவரை நான் யோசித்ததே இல்லை.

ஒரு நாள் பின்னேரம் பாதை கரையில் முட்டிய வேகத்தில் எனக்கு முன்னால் நின்றவர் சாய்ந்தார். என் கையிலிருந்த போன் நழுவி விளிம்பில் ஒரு முறை தட்டித் தண்ணீருக்குள் போனது. பாதை ஓட்டுகிறவர் தடியைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்தார்.

“சேறு டீச்சர். இனி எடுத்தும் வேலையில்ல.”

வீட்டுக்கு வந்ததும் மடிக்கணினியைத் திறந்தேன். என் அரட்டை அப்படியே இருந்தது. போன் இல்லாமலும் அது வேலை செய்வதைக் கண்டு அப்படி ஓர் ஆறுதல்.

அடுத்த நாள் அதே எண்ணுக்கு வேறு சிம் எடுக்கப் புளியந்தீவிலுள்ள தொலைபேசிக் கடைக்குப் போனேன். மேசையில் இருந்த பெண்பிள்ளை எண்ணைத் தட்டிப் பார்த்தார்.

“இது உங்கட பேரில இல்லையே மிஸ்?”

“அண்ணன்ட பேரில.”

“அப்ப அவர்தான் ஐடென்டிடி கார்டோட வரோணும்.”

“அவர் கட்டார்ல இருக்கார். அந்த நம்பரைப் பாவிக்கிறது நான்தானே?”

“விளங்குது மிஸ். ஆனா எங்களால குடுக்க ஏலாது.”

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. இத்தனை வருடம் எல்லாவற்றையும் போட்டுவைத்த இடத்தின் கதவு, நான் கேட்டால் திறக்காது. புதுப் போன் வாங்கலாம். அந்த எண்ணுக்கு வரும் குறியீடு இல்லாமல் பழைய கணக்குக்குள் போக முடியாது. காப்புப் பிரதி என் மின்னஞ்சல் கணக்கில் இருக்கிறது. அதைத் திரும்ப எடுக்கவும் அதே எண் வேண்டும். மிச்சமிருந்தது மடிக்கணினி மட்டும். போனை இரண்டு கிழமைக்குப் பாவிக்காவிட்டால் அதுவும் தானாக வெளியேறிவிடும் என்று வாசித்தேன்.

அம்மாவின் போனில் அண்ணனுக்கு எடுத்தேன்.

“நான் லீவில வந்து எடுத்துத் தாறன். அதுவரைக்கும் அம்மாட போனைப் பாவி” என்றார்.

“எப்ப லீவு?”

“இன்னும் சொல்லல்ல. பாப்பம்.”

“அப்ப என்ட பேரில புது நம்பர் ஒண்டு எடுக்கட்டா அண்ணா?”

“என்னத்துக்கு? மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்தது அந்த நம்பரத்தானே. இப்ப மாத்தினா என்ன நினைப்பாங்க?”

அம்மா கையை நீட்டிப் போனை வாங்கி, “அவள் சும்மா கேட்டவள் மகன்” என்றார். நான் சும்மா கேட்கவில்லை.

அந்த நாட்களில் மடிக்கணினியைத் தொட யாரையும் விடவில்லை. மூடித் திறந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும் என்று தெரியும். ஆனாலும் மூடப் பயம். மேலே உருட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் நின்றுவிடும். இன்னும் பழைய செய்திகளுக்குப் போனில் பாருங்கள் என்று காட்டும். முன்பு திறக்காமல் விட்ட சில கோப்புகளைத் தட்டினாலும் இறங்காது, போனைக் கேட்கும். அந்தப் போன் வாவியில் கிடந்தது. பாதையில் நின்று பேசிப் பதிந்த பழைய குரல் பதிவுகள் பலதும் அப்படியே போயின. என் சொந்தக் குறிப்புகளுக்கு முன்னால் அனுமதி இல்லாத ஆள்போல இருந்தேன்.

“உனக்கு வேறொண்டும் இல்லையா, எந்த நேரமும் அதையே பாத்துக்கிட்டு இருக்காய்?” என்று அம்மா கேட்டார்.

“இதுக்குள்ளதான் என்ட வேலை எல்லாம் கிடக்கு அம்மா.”

“அண்ணன் வருவான்தானே.”

சனிக்கிழமை களுவாஞ்சிகுடிக்குப் போனேன். மலிவான போன் ஒன்றும், என் அடையாள அட்டையைக் கொடுத்து ஒரு சிம்மும் வாங்கினேன். கையெழுத்து வைக்கும்போது கடைக்காரர், “இது உங்கட முதல் நம்பரா?” என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

புது எண்ணில் வாட்ஸ்அப் திறந்ததும் எனக்கான அரட்டை வெறுமையாக இருந்தது. பிறகுதான் அந்த எண்ணம் வந்தது. மடிக்கணினியில் இருந்த பழைய நான், புது எண்ணுக்குச் செய்தி அனுப்பலாம் அல்லவா? இணைப்புகளையும் கோப்புகளையும் சிலது சிலதாகத் தெரிவுசெய்து முன்னனுப்பினேன். பக்கத்திலிருந்த போன் விடாமல் கிணுகிணுத்தது. பழைய எண்ணிலிருந்து புதிய எண்ணுக்கு வினாத்தாள்கள் வந்தன, விண்ணப்பத்துக்கான இணைப்பு வந்தது. இறங்கிய கோப்புகளை மடிக்கணினியிலும் ஒரு கோப்புறையில் போட்டேன். ஒரு சான்றிதழ்ப் படம் மட்டும் வரவில்லை. மூலப் பிரதி அலுமாரியில் இருந்ததால் திரும்பவும் படம் எடுத்தேன். அண்ணனுக்கு எழுதிப் பார்த்த வரிகளில் வந்து கை நின்றது. அவற்றையும் அனுப்பினேன்.

சில நாட்களில் அந்த இரண்டு கிழமையும் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்டுக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தபோது, அரட்டை இருந்த இடத்தில் கணக்கை இணைக்கச் சொல்லும் கட்டக் குறியீடு மட்டும் நின்றது.

விண்ணப்பத்தைப் புது எண்ணோடு அனுப்பினேன். ஆனால் வீட்டில் அம்மாவின் போனைத்தான் பாவித்தேன். என் போன் பள்ளிக்கூடப் பையின் அடியில், சத்தம் இல்லாமல் கிடந்தது. என் சொந்த எண்ணை என் சொந்த வீட்டில் ஒளித்து வைத்திருந்தேன். பாதையில் ஏறியதும் அதை வெளியே எடுப்பேன். இறங்குமுன் திரும்பவும் பைக்குள் வைப்பேன்.

அண்ணன் லீவில் வந்ததும் முதல் வேலையாகப் புளியந்தீவுக்குப் போய் சிம்மை எடுத்துவந்தார். சாப்பாட்டு மேசையில் என் முன்னால் வைத்தார்.

“இந்தா. இனி மாப்பிள்ளை வீட்டோட ஒருக்காக் கதை.”

அந்த எண்ணைப் போட்டால் காப்புப் பிரதியிலிருந்து இழந்ததெல்லாம் திரும்பி வரலாம். குரல் பதிவுகளும் வரலாம். அதை எடுக்கக் கை போனது உண்மை. அதே கையால் சிம்மை அவர் பக்கம் தள்ளினேன்.

“அது உங்கட பேரில இருக்கு அண்ணா. நீங்களே வைச்சிருங்க. நான் என்ட பேரில ஒண்டு எடுத்திட்டன். எனக்கு இந்தச் சம்பந்தம் வேணாம்.”

அத்தனை தடவை பணிவாக மாற்றி எழுதிப் பார்த்தும் வாயில் வந்தது முதலில் எழுதிய வரிதான். அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அம்மா சோற்றுக் கோப்பையைப் பார்த்தார்.

“எப்ப எடுத்த?” என்றார் அண்ணன்.

“கனநாளாச்சு.”

“மறுகா கதைப்பம்” என்று பேச்சைப் பிறகுக்குத் தள்ளிவிட்டு எழும்பிப் போனார். சிம் இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. பிறகு அம்மா அதை எடுத்துத் தன் போனில் போட்டுக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் இப்போதும் அந்த எண்ணுக்குத்தான் எடுக்கிறார்கள். அம்மா பக்கத்து அறைக்குப் போய்த் தாழ்ந்த குரலில் பதில் சொல்கிறார். என்ன சொல்கிறார் என்று எனக்குக் கேட்பதில்லை.