மிதந்த சொட்டு

“துரை, வயது முப்பத்திரண்டு. நல்ல உடற்கட்டு, இரத்தபுஷ்டி மிக்கவன். இரத்தம் சிந்த அஞ்சாதவன். எதிர்ப்பட்டால் எச்சரிக்கை தேவை.” அச்சரப்பாக்கம் பக்கத்து மூட்டை தூக்கி துரையைப் பற்றிப் போலீஸ் எழுதி வைத்திருந்தது இது. எழுதியவர் அவனுடைய இமையைக் கீழே இழுத்துப் பார்த்ததில்லை.

1956-ஆம் வருஷம் சந்தையில் இறக்குக் கூலித் தகராறு. துரை திருவேங்கடத்தின் மூக்கை உடைத்தான். திருவேங்கடம் சாக்குக் கிழிக்கும் அரிவாளை வீசினான். குறி துரையின் கழுத்து. வெட்டு விழுந்தது குறுக்கே பாய்ந்த மிளகாய் வியாபாரி ஷேக் தாவூதின் தொடையில். தாவூத் வந்தது சண்டையை விலக்க. வெள்ளை வேட்டி ஒரு நொடியில் சிவந்தது. திருவேங்கடத்தை ஜனங்கள் செருப்பாலும் தராசுக் கட்டையாலும் துவைத்து, கயிற்றால் கட்டினார்கள்.

அந்தச் சந்தைக்கு ஒரு வழக்கம் உண்டு. வெட்டுப்பட்டவனையும் வெட்டியவனையும் ஒரே லாரியில் ஏற்றுவார்கள். ஒருவனை ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு மற்றவனை ஸ்டேஷனில் தள்ளினால் வாடகை ஒன்றோடு போகும். ஆகவே செங்கல்பட்டு போகும் வழியெல்லாம் தாவூதின் தொடையைத் துண்டால் இறுக்கிப் பிடித்தபடி, கட்டுண்டு கிடந்த திருவேங்கடத்தைத் துரை காலால் உதைத்துக்கொண்டே போனான்.

மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: இரத்தம் ஏற்றாவிட்டால் பாய் பிழைப்பது கஷ்டம்.

“என்னுது எவ்ளோ வேணுமோ உறிஞ்சிக்கோ,” என்று துரை கையை நீட்டினான்.

இரத்தப் பரிசோதனை அறையில் இருந்தவள் ரெபேக்காள். விரலில் குத்தி, ஒரு சொட்டை வெளிர்நீல மயில்துத்தக் கரைசலில் விட்டாள். அடர்த்தியான இரத்தம் மூழ்கும். துரையின் சொட்டு கொஞ்சம் இறங்கி, யோசித்து, மேலே வந்து மிதந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் மிதந்தது.

“உன்கிட்ட எடுக்க முடியாது நைனா. ரத்தத்துல சத்து கம்மி. எடுத்தா நீ விழுந்துடுவே, பாய்க்கும் அது போதாது.”

“இன்னாம்மா? ரெண்டு மூட்டைய ஒரே மூச்சுல தூக்கறவன் நானு! என் ரத்தம் மெதக்குதா?”

அடுத்த கணம் மேசை கவிழ்ந்தது. கண்ணாடிக் குப்பி உடைந்து தரையெல்லாம் நீலம். ரெபேக்காளின் தோளைப் பிடித்து உலுக்கினான். அவள் அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவனோ அறையினால் அல்ல, தலைசுற்றலால் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“மூட்டை தூக்கறப்பவும் இப்டிதானே சுத்துது?” என்று கேட்டபடி இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு இல்லை.

“...ஒரு மாசமா.”

“வெறுங்கால்ல வயல்லியும் சேத்துலியும் நிக்கற ஆளு. வயித்துல கொக்கிப்புழு இருக்கும், உள்ளேயே ரத்தத்தைக் குடிச்சிகினு கீது. மலத்தைச் சோதிச்சு மருந்து தரச் சொல்றேன். அப்புறம் இரும்பு மாத்திரை, மாசக் கணக்குல. சொட்டு மூழ்கினா வா. இப்ப வேற ஆளைக் கொண்டா. அலமாரியில இன்னொரு குப்பி கீது, அதையும் உடைச்சே, அவ்ளோதான்!”

வேறு ஆள் லாரியில்தான் இருந்தான். துரை திருவேங்கடத்தைக் கயிற்றோடு இழுத்து வந்து, கழுத்தைப் பிடித்து அவள் முன் தள்ளினான். உடைந்த மூக்கிலிருந்து இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

“கழுத்தைப் புடிச்சு இழுத்தாந்த ஆளோட ரத்தம் எனக்கு வேணாம். கயித்தை அவுத்துட்டு நீ வெளியே போ.”

கட்டவிழ்ந்தவனிடம் கேட்டாள்: “உனுக்கு இஷ்டமா? இல்லேன்னா சொல்லு, பின்வாசல் வழியா அனுப்பிடறேன். உன் மேல கை வைக்க வுடமாட்டேன்.”

திருவேங்கடம் மூக்கைத் துடைத்தான். “அந்தப் பொறுக்கிக்கின்னா செத்தாலும் தரமாட்டேன். பாய் மேல எனுக்கு இன்னா கோவம்? எடுத்துக்கோ.”

அவன் சொட்டு நேரே அடியில் போய் உட்கார்ந்தது. குரூப் ஒத்தது. இருவர் இரத்தத்தையும் சேர்த்துப் பார்த்தபோது திரளவில்லை. மேகநோய் எனும் பால்வினை நோய்ச் சோதனையிலும் குறை இல்லை. தாவூதைச் சாய்த்த ஆள், தாவூதுக்குள் ஒரு புட்டி இரத்தமாக இறங்கினான். பாய் பிழைத்தார். திருவேங்கடம் பிறகு ஸ்டேஷனுக்கு நடந்தே போனான். கூடப் போன துரை வழியில் அவனை இரண்டு முறை அடித்தான், ஒரு முறை வாங்கினான்.

போலீஸ் குறிப்பை யாரும் திருத்தவில்லை.

துரை கொக்கிப்புழு மருந்தைக் குடித்தான். நாலு மாதம் மலம் கறுக்கக் கறுக்க இரும்பு மாத்திரை விழுங்கினான். பிறகு செருப்புப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போய், பேர் தெரியாத ஒரு பிரசவக்காரிக்கு ஒரு புட்டி இரத்தம் கொடுத்தான்.