முதல் ஆர்டருக்கு ஒரு மாதத் தவணை

சிங்கம்புணரியிலிருந்து வந்த புது வியாபாரி கேட்டது ஒரு மாதத் தவணை. ஆவணி முகூர்த்தத்துக்கு எவர்சில்வர் பாத்திரம், எங்கள் கடைச் சரக்கில் பாதியைக் காலி செய்கிற ஆர்டர். செக்காலைக் கடைவீதியில் நானும் என் தங்கை புருஷனும் மொத்தக் கடை போட்டு வருஷம் திரும்பவில்லை. போட்ட முதலீட்டில் பெரும்பங்கு என் மனைவியின் நகையை அடகு வைத்து வந்தது. அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. திட்டியிருந்தாலாவது தூங்கியிருப்பேன்.

மச்சானுக்கு அந்த ஆர்டரைப் பார்த்ததிலிருந்து கால் தரையில் இல்லை. "வெண்ணெய் திரண்டு வரும்போது தாழிய உடைச்சிராதீக மச்சான். பார்ட்டி மதுரைக்குப் போயிட்டா யாரு பிடிக்கிறது?" என்று காலையிலும் மாலையிலும் அரித்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது என் கட்சி. அளப்பதற்குத்தான் வழி தெரியவில்லை.

கிளையை நடத்துகிற எங்கள் பேங்க் ஏஜெண்டிடம் போனேன். அவர் அந்த வியாபாரியின் பேங்குக்கு எழுதிக் கேட்டார். பதில் வருவதற்குள் நான் நாலு தடவை போய் நின்றதில் பியூனே என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். வந்த பதில் இதுதான்: மரியாதையான மனிதர், கணக்கு ஒழுங்காக நடக்கிறது, இவ்வளவு தொகைக்குத் தாங்குவாரா என்று எங்களால் சொல்ல இயலாது.

"இதுக்கு மேல எந்த பேங்க்கும் எழுதித் தராதுங்க" என்றார் ஏஜெண்ட். இந்தக் கடுதாசியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நாக்கையா வழிக்க?

"என்னைப் பத்தி அவுககிட்டக் கேளுங்க" என்று வியாபாரி சொல்லியிருந்தது திருப்பத்தூரில் பித்தளைப் பாத்திரம் மொத்தமாக விற்கிறவரை. மறுநாளே பஸ் ஏறினேன். அந்தப் பித்தளைக் கடைக்காரர் உட்காரச் சொல்லி, கலர் சோடா வாங்கிக் கொடுத்து, நான் வாயைத் திறக்குமுன்னே ஆரம்பித்துவிட்டார்.

"அவுகளா? தங்கமான பார்ட்டி. கண்ண மூடிக்கிட்டுச் சரக்குப் போடுங்க. இன்னைக்கே அனுப்பிருங்க, முகூர்த்தம் நெருங்குதுல்ல."

எங்கள் பக்கத்துக் கடைவீதியில் ஒரு வியாபாரி இன்னொருத்தரைக் குறை சொல்ல மாட்டார். ஆகாத ஆளாக இருந்தாலும், "பார்த்துச் செய்யுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அதே போல, இவ்வளவு தூக்கி வைத்தும் பேசமாட்டார். என் வியாபாரத்துக்கு இவர் ஏன் இப்படிப் பறக்கிறார்?

"இந்த முகூர்த்தத்துக்கு நீங்க அவுகளுக்கு என்ன அனுப்பினீக?" என்று கேட்டேன்.

அவர் துண்டால் கழுத்தைத் துடைத்தார். "இப்பக் கையில சரக்கு இல்லை."

அவர் முதுகுக்குப் பின்னால் பித்தளைக் குடங்கள் உத்தரம் வரைக்கும் அடுக்கியிருந்தன. நான் குடங்களைப் பார்த்தேன், அவரும் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

ஊர் திரும்பி, சிங்கம்புணரிக்காரரை வரவழைத்தேன். முதல் சரக்குக்குத் தவணை கிடையாது, பில்லும் லாரி ரசீதும் பேங்க் மூலம் வரும், பணத்தைக் கட்டி ரசீதை வாங்கினால்தான் லாரி ஆபீஸில் சரக்குத் தருவார்கள் என்றேன். அவர் முகம் சுண்டிவிட்டது.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"முதச் சரக்குக்கு மட்டுந்தேன். அடுத்ததுக்குத் தவணை பேசிக்கிருவோம்" என்றேன். வேறு வழியில்லாமல் சரி என்றார்.

சரக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் வரவில்லை. லாரி ஆபீஸில் கிடக்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும். அவர் எடுக்காவிட்டால் போக வரக் கூலி எங்கள் தலையில்தான். மச்சான் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். மனைவி பரிமாறிவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "உள்ளே போயேன்" என்று எரிந்து விழுந்தேன், பாவம்.

கடைசியில் பேங்கிலிருந்து ஆள் வந்தது. முழுப் பணமும் வரவாகிவிட்டது. அடகுக் கடைக்கு நானே போய் நகையை மீட்டு வந்தேன். அவள் சங்கிலியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

அந்த வாரமே திருப்பத்தூர்க்காரர் எங்கள் கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்குத் தர வச்சிருந்த காசத்தேன் உங்க பில்லுக்குப் பேங்க்ல கட்டியிருக்காக. சித்திரையிலேருந்து அந்தப் பாக்கிக்கு நடையா நடக்கேன். நீங்க கடனாப் போட்டிருந்தா அந்தக் காசு எங்கிட்ட வந்திருக்கும், உங்களுக்குச் சரக்கு வித்துக் கொடுத்திருப்பாக."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "அண்ணே, உங்க பாக்கிய வசூல் பண்ண என் பொண்டாட்டி நகைதேன் கிடைச்சுதா? அன்னைக்கே உண்மையச் சொல்லியிருக்கலாமுல்ல?"

"சொல்லியிருந்தா சரக்கு அனுப்பியிருப்பீகளா?"

"மாட்டேன்" என்றேன்.

"எனக்கும் வீட்ல பொண்டாட்டி இருக்கா" என்று சொல்லிவிட்டு, அவர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.