எழுத்தில்லாத ஸ்லைடுக்கு மூன்று தாள்கள்

அந்த மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் யாருமில்லை. பெரிய டாக்டரிலிருந்து வாசல் காவலர் வரை எல்லோருக்கும் அவள் 'ஸ்லைடு அக்கா'. இரண்டாவது மாடியில் இருக்கும் பயிற்சி அறைதான் அவள் இடம். யார் எந்தக் கூட்டத்தில் எதைப் பேசுவதானாலும், திரையில் போடும் ஸ்லைடை முதலில் அவளிடம் காட்டிவிட்டுத்தான் போவார்கள்.

பார்த்த ஸ்லைடுக்குத் திருத்தங்களை மூன்று தாள்களில் எழுதித் தருவாள். வெள்ளைத் தாளில் தோற்றம்: நிறம், அளவு, இடைவெளி. மஞ்சள் தாளில் விஷயம்: தப்பான எண், விட்டுப்போன தகவல். நீலத் தாளில் பேச்சு: திரையில் வராமல் வாயால் சொல்ல வேண்டியவை. முதல் தாளில் இருப்பதை அவளே சரிசெய்துவிடுவாள். இரண்டாவதை மட்டும் ஸ்லைடுக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் தொடமாட்டாள்.

இந்தப் பிரிவினை சும்மா வந்ததல்ல. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். எலும்பு டாக்டர் ஒருவர் அதை அப்படியே உதவியாளரிடம் தள்ளிவிட்டார். மறுநாள் இருநூறு பேர் முன்னால் திரை விரிந்தபோது, முதுகெலும்புப் படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில், 'இங்கே கொஞ்சம் நிறுத்திச் சிரியுங்கள்' என்று இருந்தது. இருநூறு பேரும் சிரித்தார்கள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

வீட்டிலும் இந்தப் பழக்கம் அவளை விடவில்லை. புதுச் சட்டை போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்ற கணவர், "எப்படி இருக்கு?" என்று கேட்டால், வயிற்றுப் பக்கம் ஒரு பார்வை பார்த்து, "தோற்றம் பிரமாதம். விஷயம்தான் கொஞ்சம் வெளிய வருது" என்பாள். "பேச்சு?" என்று மகள் எடுத்துக்கொடுப்பாள். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டா பேச்சு எப்படிடி வரும்?"

ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு அவள் போனுக்கு ஒரு போட்டோ வந்தது. அனுப்பியவர் சலவைப் பிரிவின் பொறுப்பாளர், ஐம்பத்தைந்து வயது மனிதர். கணினித் திரையில் இருந்த ஒரு ஸ்லைடைப் போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வார்த்தைகூட இல்லை. ஸ்லைடிலும் ஒரு எழுத்து இல்லை. கீழ்த்தளத்தின் வரைபடம், அதன் மேல் அம்புக்குறியோடு ஒரு சிவப்புக் கோடு, ஒரு நீலக் கோடு. அவ்வளவுதான்.

எதற்கென்று அவளுக்குத் தெரியும். மருத்துவமனை முழுவதற்கும் தெரியும். பழைய கோப்புப் பெட்டிகளை அடுக்க இடமில்லை என்று கீழ்த்தளத்தின் பின்வழியை அடைத்து அறையாக்கப் போகிறார்கள். அந்த வழியாகத்தான் வார்டுகளின் அழுக்குத் துணி சலவைக்குப் போகிறது. சுத்தமான துணி முன்வழியாக வெளியே வருகிறது. பின்வழி போய்விட்டால் இரண்டும் ஒரே வழியில் முட்டிக்கொள்ளும். மதியம் இரண்டு மணிக்குக் கூட்டம். அவருக்குக் கொடுத்திருப்பது ஒரு ஸ்லைடு, ஐந்து நிமிடம்.

அவள் மூன்று தாள்களையும் எடுத்து வைத்துக்கொண்டாள். வெள்ளைத் தாள் மளமளவென்று நிறைந்தது. பின்புலம் பழுப்பு, வெள்ளையாக்கவும். வலது ஓரம் சரிகிறது, நேராக்கவும். நடுவில் காரணமில்லாமல் கருப்பாக ஒரு வட்டம், எடுத்துவிடவும். ஒரு கோட்டைப் புள்ளிக்கோடாக்கவும். மஞ்சள் தாளில் ஒன்றே ஒன்று: இரண்டு கோடுகளின் அம்புக்குறிகளும் சலவை அறையிலிருந்து வெளியே போகின்றன, ஏன்? நீலத் தாள் காலியாக இருந்தது. அவர் என்ன பேசப்போகிறார் என்று படத்தைப் பார்த்து எப்படி எழுதுவது?

போனில் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. இயந்திரச் சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கப்போகிறது என்று தாள்களோடு கீழே இறங்கினாள்.

சலவை அறையின் மூலையில், மடித்த படுக்கைவிரிப்புகளுக்கு நடுவே, அவருடைய கணினி இருந்தது. திரையில் அதே ஸ்லைடு. பின்புலம் பால் வெள்ளை. ஓரம் நூல் பிடித்ததுபோல் நேர்.

"அண்ணே, நடுவுல கருப்பா ஒரு வட்டம் இருந்துச்சே, எடுத்துட்டீங்களா?"

அவர் போனை வாங்கிப் பார்த்தார். பிறகு திரைக்கு முன்னால் போய் நின்றார். திரைக் கண்ணாடியில் அவர் நிழல் விழுந்தது.

"அது என் தலைம்மா. எடுக்கச் சொன்னா எப்படி எடுக்கறது?"

துணி மடித்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் விரிப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்கள். ஸ்லைடு அக்கா நின்ற இடத்திலேயே வெள்ளைத் தாளில் மூன்று வரிகளை அடித்தாள். பழுப்பு அந்த அறையின் விளக்கு வெளிச்சம். சரிவு போனைப் பிடித்த கோணம். ஸ்லைடைத் திருத்துவதாக நினைத்து அவள் போட்டோவைத் திருத்தியிருந்தாள்.

"இந்தப் புள்ளிக்கோடு மட்டும் நிக்கட்டும்ணே. கூட்ட அறை புரொஜெக்டர்ல நிறமெல்லாம் வெளுத்துப்போயிடும். நீலமும் சிவப்பும் ஒண்ணாத் தெரியும்."

"சரி."

"அம்புக்குறி?"

அவர் குனிந்து பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். "நீலத்தை வரைஞ்சு, அதையே நகல் எடுத்துச் சிவப்பாக்கினேன். திருப்ப மறந்துட்டேன். அழுக்கு உள்ளதான் வரணும்."

"அப்படியே போயிருந்தா அழுக்கையும் வார்டுக்கே திருப்பி அனுப்பியிருப்பீங்க" என்றாள். அவர் அம்பைத் திருப்பினார். "சரி, எழுத்து ஏன் ஒண்ணுகூட வைக்கல?"

அவர் மடித்திருந்த விரிப்பை எடுத்து மறுபடி மடித்தார். "எழுத்து இருந்தா படிக்கணும்மா. பெரியவங்க முன்னாடி படிக்க ஆரம்பிச்சா எனக்குத் தொண்டை அடைச்சுக்கும். படமே பேசட்டும்னு விட்டுட்டேன்."

"படம் பேசாதுண்ணே. எது அழுக்கு, எது சுத்தம்னுகூட அது சொல்லல. நீங்கதான் சொல்லணும்."

"நீயே எழுதிக் குடுத்துடேன்."

"நான் எழுதினாலும் அதைப் படிக்கத்தானே வேணும்?"

அந்த நேரம் ஐந்தாவது வார்டுக்கு ஒரு துணி வண்டி கிளம்ப வேண்டியிருந்தது. அவரே தள்ளினார். அவளும் கூட நடந்தாள். வண்டியில் கை வைத்ததும் மனிதர் தானாகப் பேச ஆரம்பித்தார். "இப்போ பாரு, இது சுத்தம். எதிர்ல யாரும் வரமாட்டாங்க. பின்வழியை அடைச்சா, இதோ இந்த லிஃப்ட் வாசல்ல ரெண்டு வண்டியும் இடிச்சுக்கும். ஒரு நாளைக்கு நாப்பது தடவை. காய்ச்சல் வார்டுத் துணியும் பிரசவ வார்டுத் துணியும் ஒண்ணையொண்ணு உரசிக்கிட்டுப் போகும்." அவள் ஒரு சொல்லையும் மாற்றாமல், லிஃப்ட் கதவில் நீலத் தாளை வைத்து எழுதிக்கொண்டாள்.

இரண்டு மணிக்கு ஸ்லைடு திரையில் வந்தது. எதிர்பார்த்தபடியே நிறம் வெளுத்தது, புள்ளிக்கோடு காப்பாற்றியது. அவர் நீலத் தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இல்லாத ஒரு வண்டியைத் தள்ளுகிறவர்போல இரண்டு கையையும் முன்னால் நீட்டி, "இது சுத்தம்" என்று தொடங்கினார். லிஃப்ட் வாசலுக்கு வந்து சேர நான்கு நிமிடம் ஆனது. நடுவில் ஒரு தடவை தொண்டை அடைத்தது. தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தள்ளினார்.

நிர்வாகி பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணக்குப்பிரிவுக்காரரைக் கேட்டார். "அழுக்குக்கு ஒரு நேரம், சுத்தத்துக்கு ஒரு நேரம்னு பிரிச்சு விட்டா என்ன?"

"நோயாளி நேரம் பாத்து அழுக்குப் பண்றதில்லைங்க" என்றார் சலவை அண்ணன். அது நீலத் தாளில் இல்லாதது.

"சரி, பின்வழி இருக்கட்டும்" என்றார் நிர்வாகி. ஸ்லைடு அக்கா புரொஜெக்டர் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நிர்வாகியின் பார்வை அவள் மேல் வந்து நின்றது.

"ஆனா பெட்டிகளை எங்கயாவது வைக்கணுமே. உங்க பயிற்சி அறை எவ்வளவு பெருசும்மா?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. சலவை அண்ணன் இன்னும் கையை நீட்டியபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினாறுக்குப் பன்னிரண்டு சார்" என்றாள். "ஜன்னலை மட்டும் மறைக்காம அடுக்கச் சொல்லுங்க."