முட்டி அக்காவும் மஞ்சள் உருண்டையும்

எங்கள் ஸ்டூடியோவில் அவளுக்கு ‘முட்டி அக்கா’ என்று பெயர். கார்ட்டூன் உருவங்களுக்குள் எலும்பு வைப்பவள்; அந்த எலும்புக்கட்டுக்கு ‘ரிக்’ என்று பெயர். அந்த எலும்புகளைப் பிடித்து நடக்கவும் குதிக்கவும் வைக்கிற அனிமேட்டர் நான். ஒன்பது வருடமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி. அவளைப் பிடிவாதக்காரி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மற்றவர்களெல்லாம் சீக்கிரம் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள், அவள் விட்டுக்கொடுப்பதில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, வேலை முடிந்து வந்த மனுஷனை வாசலிலேயே நிறுத்தி, உட்கார்ந்து எழுந்திருக்கச் சொல்லி, மொபைலில் முழங்காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். “கல்யாணத்துக்கு முன்னாடி இவ என் மூஞ்சியைப் பார்த்தாளோ இல்லையோ, முட்டியை நல்லா பார்த்திருப்பா,” என்றார் அவர் என்னிடம். ஒன்பது வயது மகள் குளியலறைக் கதவை உதைத்துக் காட்டினாள். அம்மா செய்கிற தொடரில் வரும் சிறுமி, வெள்ளம் ஏறுகிற கொட்டகையின் கதவை உதைத்துத் திறந்து உள்ளே மாட்டிய பூனையைக் காப்பாற்றுவாள் என்று அவளுக்குத் தெரியும். தாழ்ப்பாள்தான் பாவம்.

தொடரில் வரும் அந்த உதைதான் வம்பில் முடிந்தது. இயக்குநர் நான்கு மணிக்கு வருவதாக இருந்த நாள். காலையில் என் காட்சியைப் பெரிய திரையில் போட்டார்கள். சிறுமி ஓடி வந்தாள், காலைத் தூக்கினாள். கால் இடுப்பை நெருங்கிய அந்த நொடியில் முழங்கால் சட்டென்று பின்பக்கம் திரும்பிவிட்டது, கோழிக்கால் மாதிரி. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சூடானது.

எங்கள் மேலாளரைக் ‘கெடு’ என்று கூப்பிடுவோம், முதுகுக்குப் பின்னால்தான். வாயைத் திறந்தால் கெடு தேதியைத் தவிர வேறு பேச்சு கிடையாது. அவர் சிரிக்கவில்லை. “இதைத் தூக்கிடுங்க. அவளோட அண்ணன் உதைக்கிற மாதிரி ஒண்ணு முன்னாடியே பண்ணி வெச்சிருக்கோமே, அதைப் போட்டுடலாம். அவன் தொளதொளன்னு பேண்ட் போட்டிருக்கான், முட்டி தெரியாது.”

“அப்போ பொண்ணு என்ன பண்ணுவா சார்?” என்று கேட்டாள் அக்கா.

“பக்கத்துல நின்னு கை தட்டட்டும். இல்ல, அவதான் உதைக்கணும்னா நீளமா ஒரு கவுன் மாட்டி விடுங்க.”

எனக்குக் கோபம் வந்தது, ஆனாலும் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக் கடன் இருக்கிறவன் அப்படித்தான். அக்காதான் எழுந்தாள்.

“தப்பு என்னுதுதான் சார். உருண்டையை நான்தான் தப்பான இடத்துல வெச்சிருக்கேன். அதுக்கு அவ ஏன் கவுன் போடணும்?”

உருண்டை என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நாங்கள் பாதத்தை மட்டும்தான் இழுப்போம். இடுப்புக்கும் பாதத்துக்கும் நடுவே முழங்கால் எவ்வளவு மடங்க வேண்டும் என்பதைக் கணினி கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆனால் எந்தப் பக்கம் மடங்குவது என்று அதற்குத் தெரியாது. அதற்காக முழங்காலுக்கு முன்னால் காற்றில் ஒரு மஞ்சள் உருண்டையை வைப்போம். போல் டார்கெட் என்பது அதன் சரியான பெயர். முழங்கால் எப்போதும் அது இருக்கிற பக்கமாகவே மடங்கும்.

கெடு சொன்னார்: “ஃப்ரேம் ஃப்ரேமா கையால திருப்பி ஒட்டுப் போட்டுடலாம்னா சொல்லு. இல்லன்னா அண்ணன்தான். ரிக்கைத் தொடக் கூடாது. நாற்பது காட்சி முடிஞ்சிருக்கு, அத்தனையும் ஆடிப்போயிடும்.”

அக்கா அண்ணன் உதைக்கிற காட்சியைத் திறந்தாள். பேண்ட்டை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்தாள். ஓட விட்டாள். கால் இடுப்பு உயரத்தை எட்டும் முன்பே அண்ணனின் முழங்காலும் பின்பக்கம் திரும்பியது. துணிக்குள் இத்தனை நாள் கோழிக்காலோடுதான் பையன் வீரம் காட்டியிருக்கிறான்.

“இவனைத்தான் அனுப்பப் போறீங்களா சார்?” என்றாள். கெடு கடிகாரத்தைப் பார்த்தார். “மூணரை வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேல அண்ணன்தான்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்காலியை அவள் பக்கம் உருட்டிக்கொண்டேன். பக்கவாட்டில் இருந்து காலைக் காட்டினாள். “இடுப்புல இருந்து பாதத்துக்கு ஒரு கோடு போட்டுப் பாரு. நிக்கும்போது உருண்டை கோட்டுக்கு முன்னாடி இருக்கு. காலைத் தூக்கத் தூக்கக் கோடும் மேல வருது. ஒரு இடத்துல நேரா உருண்டை மேலயே படுது. அதைத் தாண்டினா உருண்டை கோட்டுக்குக் கீழ போயிடுது. முட்டி என்ன பண்ணும், சொன்ன பேச்சைக் கேட்டு அந்தப் பக்கம் திரும்பிடுது.”

அதாவது முழங்கால் குழம்பவே இல்லை, நாங்கள்தான் உருண்டையை வழியில் வைத்துவிட்டு அதைத் திட்டிக்கொண்டிருந்தோம். நிற்கும்போது பார்க்க அழகாக இருந்ததால் யாரும் காலைத் தூக்கிப் பார்க்கவில்லை. சோதனைக்கு ஒதுக்கிய இரண்டு நாளைக் கெடு வெட்டியிருந்தார். அக்கா அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டவில்லை. நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன்.

உருண்டையைப் பாதத்தோடு சேர்ந்து நகரும்படி கட்டினாள். பாதம் மேலே போனால் அதுவும் மேலே போகும், கோடு அதைத் தாண்டாது. ஆனால் எப்போதும் அப்படியே விட்டால், நடக்கும்போது பாதம் லேசாகத் திரும்பினால்கூட முழங்கால் ஆடும். அதனால் ஒரு அளவுகோல் வைத்தாள். பூஜ்யத்தில் உருண்டை பழைய இடத்திலேயே நிற்கும், ஒன்றில் முழுக்கப் பாதத்தைப் பின்தொடரும். எல்லாக் காட்சியிலும் தொடக்கம் பூஜ்யம். ஆகவே முடிந்த நாற்பது காட்சிகளில் ஒரு மயிரிழைகூட நகரவில்லை. நானே ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

எங்கள் காட்சிக்கு ஓடும்போது பாதி, உதையில் முழுசு என்று வைத்தோம். கால் முன்னால் போய்க் கதவில் பட்டது. முழங்கால் மேல்நோக்கியே இருந்தது. ஆனால் கடைசியில் அது ஒரு சின்ன வெட்டு வெட்டி இழுத்தது.

“நீ காலை விறைப்பா நீட்டிட்டே. நேராயிட்டா எப்படி மடங்கறதுன்னு அதுக்குத் தெரியாது, வெடுக்குன்னு இழுக்கும். துளி மடிப்பு விடு,” என்றாள். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தேன். வெட்டு போனது. மணி மூன்று இருபது.

இயக்குநர் வயதான பெண்மணி, அதிகம் பேசமாட்டார். நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்தார். கெடு, “ரெண்டு விதமா வெச்சிருக்கோம் மேடம்,” என்று அண்ணனைத்தான் முதலில் போடப் போனார். அவர் விளையாட்டு எனக்குப் புரிந்தது. பிடித்ததை முதலில் காட்டிப் பேச்சை முடித்துவிடுவார். அக்கா எழுந்து நேராகச் சொன்னாள்: “அதுல முட்டி பின்னாடி மடங்கியிருக்கு மேடம், துணி மறைக்குது. பொண்ணைப் பாருங்க.”

சிறுமி ஓடி வந்தாள். அரைக்கால் சட்டை, புழுதி படிந்த இரண்டு முழங்கால், எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. காலைத் தூக்கினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதவு உடைகிற சத்தம் கேட்டது.

“இன்னொரு தடவை,” என்றார் இயக்குநர். நான்கு தடவை பார்த்தார். “இவளே உதைக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

அவர் கிளம்பியதும் கெடு பிழைப் பதிவுப் பக்கத்தைத் திறந்தார். வருட முடிவில் யாரை வைத்துக்கொள்வது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். “உருண்டை தவறான இடத்தில் வைக்கப்பட்டது” என்று தட்டச்சு செய்து, அக்காவின் பெயரைப் போட்டார்.

“சரிதான் சார். ஆனா பாதிதான் எழுதியிருக்கீங்க,” என்றாள் அக்கா.

“மீதி என்ன?”

கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். அதே வரியில், தன் பெயருக்குப் பக்கத்தில், “சரி செய்தவரும் இவரே” என்று சேர்த்தாள். பிறகு அண்ணனின் ரிக்கைத் திறந்து, பேண்ட்டை மறைத்துவிட்டு, வேலையை ஆரம்பித்தாள்.